ஏழா, பன்னிரண்டா? கணிப்பொறி எண்ணும் தமிழ் எழுத்து

'கொய்யாப்பழம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கொ, ய், யா, ப், ப, ழ, ம். ஆக ஏழு. இதில் ஐயத்துக்கே இடமில்லை. இரண்டாம் வகுப்பு மாணவனும் ஏழு என்றுதான் சொல்வான்.

இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்போம். பைத்தான் மொழியில் ஒரு சொல்லின் நீளத்தைச் சொல்ல `len` என்ற கட்டளை இருக்கிறது.

```python
print(len("கொய்யாப்பழம்"))
```

திரையில் வரும் விடை 12. நீங்கள் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சொற்களுக்கு ஏற்பக் கட்டம் போடும் வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அது `len` சொன்னதை நம்பினால் கொய்யாப்பழத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள் போட்டுவிடும். ஏழு எழுத்துகளை எழுதிய பின் ஐந்து கட்டங்கள் காலியாகக் கிடக்கும். 'apple' என்று கேட்டால் ஐந்து என்று சரியாகச் சொல்லும் கட்டளை, தமிழுக்கு மட்டும் ஏன் இப்படித் தடுமாறுகிறது?

உண்மையில் அது தடுமாறவில்லை. நாம் கேட்டது ஒன்று, அது எண்ணியது வேறொன்று. அது எதை எண்ணியது என்பதைச் சொல்லின் உள்ளே புகுந்து பார்ப்போம். சிறிய சொல்லாக எடுத்துக் கொள்வது வசதி. 'தமிழ்' என்பதையே எடுத்துக் கொள்வோம். நாம் எண்ணினால் மூன்று. `len` எண்ணினால் ஐந்து.

```python
from unicodedata import category, name
for c in "தமிழ்":
    print(hex(ord(c)), category(c), name(c))
```

இதை இயக்கினால் கிடைப்பது இது:

```
0xba4 Lo TAMIL LETTER TA
0xbae Lo TAMIL LETTER MA
0xbbf Mc TAMIL VOWEL SIGN I
0xbb4 Lo TAMIL LETTER LLLA
0xbcd Mn TAMIL SIGN VIRAMA
```

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்தான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுத்திருக்கும் பட்டியலுக்கு யூனிகோடு என்று பெயர். முதல் பத்தியில் உள்ளவை அந்த எண்கள். பதினாறை அடியாகக் கொண்டு எழுதப்பட்டவை. இவற்றைக் குறியெண்கள் என்று அழைப்போம். 'த' என்பதற்கு ஒரு குறியெண். 'மி' என்பதற்கு இரண்டு: 'ம' ஒன்று, அதன் தலையில் ஏறிய மேல்விலங்கு ஒன்று. 'ழ்' என்பதற்கும் இரண்டு: 'ழ' ஒன்று, புள்ளி ஒன்று. கூட்டினால் ஐந்து. `len` எண்ணியது இந்தக் குறியெண்களைத்தான்.

இங்கே ஒரு கூரிய மாணவர் எழுந்து, "புரிந்துவிட்டது! கணிப்பொறி உயிரையும் மெய்யையும் தனித்தனியாகப் பிரித்து எண்ணுகிறது. த் + அ + ம் + இ + ழ் என்றால் ஐந்துதானே?" என்று கேட்கக்கூடும். விடை பொருந்துகிறது, ஆனால் காரணம் பொருந்தவில்லை. 'மரம்' என்ற சொல்லில் சோதித்துப் பாருங்கள். ம் + அ + ர் + அ + ம் என்று பிரித்தால் ஐந்து ஒலிகள். `len` சொல்வதோ நான்கு.

எங்கே வேறுபாடு வருகிறது? இலக்கணத்தில் 'ம்' என்னும் மெய்தான் அடிப்படை. அதனோடு 'அ' என்னும் உயிர் சேர்ந்தால் 'ம' பிறக்கிறது. யூனிகோடு பட்டியல் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. அதற்கு 'ம' என்னும் வடிவமே அடிப்படை. அதற்கு ஓர் எண்தான். அதிலிருந்து 'அ'வை நீக்கி 'ம்' ஆக்க வேண்டுமானால் புள்ளி என்ற இன்னோர் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஒலியில் இரண்டாக இருக்கும் 'ம' கணிப்பொறியில் ஒன்று. ஒலியில் ஒன்றாக இருக்கும் 'ம்' கணிப்பொறியில் இரண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் அகர உயிர்மெய் ஒன்றும் ('த') மெய் ஒன்றும் ('ழ்') இருப்பதால் கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாகி, தற்செயலாக ஐந்துக்கு ஐந்து பொருந்தியது. 'மரம்' என்ற சொல்லில் அகர உயிர்மெய் இரண்டு, மெய் ஒன்று. அதனால் ஒன்று குறைந்தது.

இந்தத் தலைகீழ்ப் பார்வை எங்கிருந்து வந்தது? யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கான பகுதியை அமைத்தவர்கள், இந்தியாவில் அதற்கு முன்பே உருவாகியிருந்த `ISCII` என்ற குறியீட்டு முறையின் வரிசையைப் பின்பற்றினார்கள். எல்லா இந்திய எழுத்து முறைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. இதற்கு ஒரு தடயம் இன்றும் பட்டியலில் உண்டு. 'க' என்பதன் எண் `0xb95`. அடுத்த எழுத்தான 'ங' என்பதன் எண் `0xb99`. நடுவில் மூன்று இடங்கள் காலி! தேவநாகரியில் 'க' வருக்கத்தில் இன்னும் மூன்று எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கு உரிய நாற்காலிகள்தாம் தமிழ்ப் பகுதியில் ஆளில்லாமல் நிற்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தமிழ் எழுத்துகள் 247. இவற்றை எழுதக் கணிப்பொறிக்குத் தேவைப்படும் குறியெண்கள் எத்தனை? உயிர் 12, அகர உயிர்மெய் 18, துணைக்கால், கொம்பு, விலங்கு முதலிய உயிர்க்குறிகள் 11, புள்ளி 1, ஆய்தம் 1. மொத்தம் 43 போதும். இவற்றில் ஒரே குறியெண்ணால் எழுதக்கூடிய எழுத்துகள் 12 + 18 + 1 = 31. மீதி 247 − 31 = 216 எழுத்துகளுக்கு இரண்டு குறியெண்கள் வேண்டும்.

216 என்றதும் உங்களுக்கு உயிர்மெய் எழுத்துகள் நினைவுக்கு வரும். ஆனால் இது அந்த 216 அன்று! உயிர்மெய்யில் அகர வரிசை 18-ம் வெளியே போய்விட்டன. அந்த இடத்தில் மெய்யெழுத்துகள் 18 வந்து உட்கார்ந்துவிட்டன. தொகை மாறவில்லை, ஆள்கள் மாறிவிட்டார்கள். இது எண்களின் விளையாட்டுத்தான் என்றாலும், இதை நினைவில் வைத்துக் கொண்டால் எந்த எழுத்து ஒன்று, எந்த எழுத்து இரண்டு என்பது மறக்கவே மறக்காது.

இனி நம் வேலைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண என்ன வழி? மேலே திரையில் வந்த விடையின் நடுப்பத்தியை மறுபடியும் பாருங்கள். `Lo`, `Mc`, `Mn` என்று இருக்கிறது. இது ஒவ்வொரு குறியெண்ணும் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. `L` என்று தொடங்குபவை தனித்து நிற்கும் எழுத்துகள். `M` என்று தொடங்குபவை தனித்து நிற்க முடியாமல் முன்னால் உள்ள எழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும் குறிகள். ஒரு தமிழ் எழுத்தில் `L` இனம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதன் பின்னால் குறி வரலாம், வராமலும் போகலாம். ஆகவே `L` இனத்தை மட்டும் எண்ணினால் எழுத்துகளை எண்ணியதாகிவிடும்.

```python
def எண்ணு(சொல்):
    return sum(1 for c in சொல் if category(c)[0] == "L")

print(எண்ணு("கொய்யாப்பழம்"))
```

விடை 7. பைத்தானின் மூன்றாம் பதிப்பில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதையும் இங்கே கவனியுங்கள். 'அஃது' என்று கொடுத்துப் பாருங்கள். 3 என்று வரும். ஆய்தத்தின் பெயர் பட்டியலில் `TAMIL SIGN VISARGA` என்று இருக்கிறது. பெயரில் `SIGN` என்று இருப்பதைப் பார்த்து அதையும் குறி என்று தள்ளிவிடாதீர்கள். இனம் `Lo` என்றே இருக்கிறது. பெயரை நம்பாமல் இனத்தைக் கேட்பதே பாதுகாப்பு.

இந்த இடத்தில் பலரை ஏமாற்றும் இரண்டு குறுக்கு வழிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, `unicodedata` தொகுதியிலேயே இருக்கும் `combining` என்ற கட்டளை. பெயரைப் பார்த்தால் 'ஒட்டிக்கொள்ளும் குறியா?' என்று கேட்பதுபோலத் தோன்றும். சுழியம் வந்தால் எழுத்து, மற்ற எண் வந்தால் குறி என்று எடுத்துக்கொண்டு நிரல் எழுதுவார்கள். 'மரம்' என்று சோதிப்பார்கள்; 3 வரும். 'படம்' என்று சோதிப்பார்கள்; 3 வரும். மகிழ்ந்து போவார்கள். 'தமிழ்' என்று கொடுத்தால் 4 வரும்! அந்தக் கட்டளை புள்ளிக்கு 9 என்றும், துணைக்கால், கொம்பு, விலங்கு எல்லாவற்றுக்கும் 0 என்றும் விடை தருகிறது. ஓர் எழுத்தின்மேல் பல குறிகள் ஏறும்போது அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்காக ஏற்பட்ட எண் அது. நம் கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை. புள்ளி மட்டுமே உள்ள சொற்களால் சோதித்ததால் பிழை வெளியே தெரியாமல் ஒளிந்துகொண்டது.

இரண்டாவது, `Mn` இனத்தை மட்டும் விலக்குவது. இதில் நடப்பது இன்னும் வேடிக்கை. 'மீன்' என்று கொடுத்தால் 2 என்று சரியாக வரும். 'மின்' என்று கொடுத்தால் 3 என்று தவறாக வரும். நெடிலுக்குச் சரி, குறிலுக்குத் தவறு! காரணம் என்னவென்றால், இடத்தை அடைத்துக் கொள்ளாமல் எழுத்தின்மேல் அமரும் குறிகளுக்கு `Mn` என்றும், பக்கத்தில் இடம் எடுத்துக்கொள்ளும் குறிகளுக்கு `Mc` என்றும் பட்டியலில் பெயரிட்டிருக்கிறார்கள். தமிழ் உயிர்க்குறிகளில் 'ஈ'காரக் குறி ஒன்று மட்டும் `Mn` பக்கம் போயிருக்கிறது. மற்றப் பத்தும் `Mc`. தமிழ் கற்ற நமக்கு இந்தப் பிரிவினை வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. எனவே இனத்தின் முதல் எழுத்தை மட்டும் பார்ப்பதே நமக்கு நல்லது.

அடுத்து, 'கொ' என்ற எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, நடுவில் 'க', வலப்பக்கம் துணைக்கால். கண்ணுக்கு மூன்று துண்டுகள். ஆனால் கொம்பும் காலும் சேர்ந்த 'ஒ'காரக் குறிக்கு ஒரே குறியெண் இருப்பதால் கணிப்பொறிக்கு அது இரண்டுதான். சிக்கல் என்னவென்றால், கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனிக் குறியெண்களாலும் இதே எழுத்தை எழுத முடியும். அப்போது மூன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். `len` கேட்டால் கொய்யாப்பழம் ஒரு சமயம் 12, இன்னொரு சமயம் 13! நம்முடைய `எண்ணு` இரண்டுக்கும் 7 என்றே சொல்லும். ஆனால் இரண்டு சொற்களும் ஒன்றா என்று `==` போட்டுக் கேட்டால், இல்லை என்றுதான் விடை வரும். ஒப்பிடுவதற்கு முன் `unicodedata.normalize("NFC", சொல்)` என்ற கட்டளையால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இந்தக் கட்டளையாலும் தீராத தொல்லை ஒன்று உண்டு. அது 'ஔ'. 'ஔவை' என்பதை ஒழுங்காகத் தட்டச்சு செய்தால் எழுத்து இரண்டு. ஆனால் விசைப்பலகையில் 'ஔ' எங்கே என்று தேடிக் களைத்தவர்கள் 'ஒ' என்று தட்டி, அதன்பின் 'ள' என்னும் முழு எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். அச்சில் பார்த்தால் வேறுபாடு எளிதில் தெரியாது. கணிப்பொறிக்கோ அது ஒ, ள, வை என்று மூன்று எழுத்துகள். அது சொல்வதில் குற்றமில்லை. நாம் கொடுத்தது அதுதானே? 'வௌவால்' என்பதையும் இப்படியே 'வெ', 'ள' என்று தட்டி வைத்திருப்பார்கள். 'கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரக் குறியாக மாற்று' என்று நிரல் எழுதிவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். 'வெள்ளம்' என்ற சொல்லிலும் கொம்புக்குப் பின் ளகரம்தான் வருகிறது. அந்த நிரல் வெள்ளத்தைச் சிதைத்துவிடும். சொல்லை அறிந்த மனிதர் பார்த்துத் திருத்துவதே இங்கு நம்பகமான வழி. விடை ஒன்று கூடுதலாக வருகிறதே என்று ஐயம் எழுந்தால், நாம் மேலே செய்ததுபோல் `name` கட்டளையால் குறியெண்களின் பெயரைக் கேளுங்கள். `TAMIL LETTER LLA` என்று வந்தால் ஒளிந்திருப்பவர் யார் என்று தெரிந்துவிடும்.

'க்ஷ' பற்றியும் கேட்பீர்கள். கணிப்பொறியில் அது க், ஷ என்ற இரண்டின் சேர்க்கை; ஆனால் காண்பது ஒரே வடிவம். 'பக்ஷி' என்று கொடுத்தால் நம் நிரல் 3 என்கிறது. கண் 2 என்கிறது. 'ஸ்ரீ'யும் இப்படித்தான். இது 247-க்குள் வராத எழுத்து. ஆதலால் இலக்கணம் இதற்குத் தீர்ப்புச் சொல்லாது. புதிர் தயாரிப்பவர் கட்டத்தில் அதை ஒன்றாக எழுதப் போகிறாரா, இரண்டாகவா என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றாக எண்ணுவதானால் விடையிலிருந்து `சொல்.count("க்ஷ")` என்பதைக் கழித்துவிடுங்கள்.

எண்ணுவதோடு நில்லாமல், சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கவும் இதே கருத்து உதவும். குறி வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. இல்லையேல் புதிய எழுத்தைத் தொடங்கு.

```python
def பிரி(சொல்):
    கட்டு = []
    for c in சொல்:
        if category(c)[0] == "M" and கட்டு:
            கட்டு[-1] += c
        else:
            கட்டு.append(c)
    return கட்டு
```

இதற்கு நல்ல சோதனை 'விகடகவி'. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல் என்று நாம் எல்லோரும் அறிவோம். பைத்தானில் ஒரு சொல்லைத் திருப்ப `[::-1]` என்று எழுதுவார்கள். `"விகடகவி"[::-1]` என்று எழுதி, முதற்சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஒன்றல்ல' என்கிறது கணிப்பொறி! அந்தச் சொல்லில் குறியெண்கள் ஏழு: வ, மேல்விலங்கு, க, ட, க, வ, மேல்விலங்கு. இவற்றை அப்படியே திருப்பினால் விலங்கு முதலில் வந்து, ஏறுவதற்கு எழுத்தில்லாமல் தனியே நிற்கும். மற்றொரு விலங்கு 'வ'வை விட்டுவிட்டுத் தவறுதலாகப் பக்கத்திலுள்ள 'க'வின்மேல் ஏறி அதைக் 'கி' ஆக்கிவிடும். குறியெண்களைத் திருப்பாமல் எழுத்துகளைத் திருப்பினால் இது நேராது.

```python
க = பிரி("விகடகவி")
print(க == க[::-1])
```

இப்போது `True` என்று வரும்.

அப்படியானால் `len` தமிழுக்குப் பயனற்றதா என்றால், அப்படியும் இல்லை. கைப்பேசியில் அனுப்பும் குறுஞ்செய்தியை எடுத்துக் கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் வரை இடம் உண்டு. தமிழில் எழுதினால் அது 70 ஆகக் குறைந்துவிடும். அந்த எழுபதும் நம் எழுத்துகள் அல்ல, குறியெண்கள். 'தமிழ்' என்று எழுதினால் அதில் ஐந்து செலவாகிவிடும். எனவே செய்தி ஒன்றில் அடங்குமா என்று பார்க்க `எண்ணு` உதவாது, `len`தான் வேண்டும். ஆனால் இடம் போதவில்லையே என்று சொல்லை வெட்டும்போது மறுபடியும் எழுத்தைப் பார்க்க வேண்டும். 'கண்ணன்' என்ற பெயருக்கு ஆறு குறியெண்கள். ஐந்தோடு வெட்டினால் புள்ளி மட்டும் உதிர்ந்து 'கண்ணன' என்று நிற்கும். எழுத்து குறையவில்லை, நான்குதான், பெயர்தான் கெட்டுவிட்டது. வெட்டும் இடத்துக்கு அடுத்த குறியெண் `M` இனமாக இருந்தால் வெட்டு எழுத்தின் நடுவில் விழுகிறது என்று பொருள். ஓர் எழுத்து முன்னாலேயே வெட்டிவிட வேண்டும்.

இனி நீங்களே செய்து பார்க்க ஒன்று. 'தேரு வருதே' என்பதும் விகடகவியைப் போன்றதுதான். அதை `பிரி` என்பதிடம் கொடுத்துத் திருப்பி ஒப்பிட்டால் `False` என்று வருகிறது. `எண்ணு` ஐந்து என்கிறது; `பிரி` தரும் துண்டுகளோ ஆறு. அந்த ஆறாவது துண்டு எது, அதை நீக்க `பிரி` நிரலில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்.